பிணைப்பு ஆற்றலா, உருவாதல் என்தால்பியா, சுழற்சிப் படமா: போட்டோவில் வந்த பயிற்சித்தாளுக்கு எந்த வழி?

பயிற்சித்தாளில் ஒரே வினைக்குக் கீழே இரண்டு அட்டவணைகள். ஒன்றில் பிணைப்பு ஆற்றல்கள், மற்றொன்றில் உருவாதல் என்தால்பிகள். எதை வைத்துப் போடுவது என்று கேள்வியில் இல்லை. முதல் அட்டவணையை வைத்துப் போட்டால் −1247 வருகிறது, இரண்டாவதை வைத்துப் போட்டால் −1366.7. போட்டோ வேறு மங்கல். 277.7-க்கு முன்னால் இருப்பது கழித்தல் குறியா, தாளின் மடிப்பா என்று தெரியவில்லை. இந்த இடத்தில் சிக்கிக்கொள்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு. எத்தனால் எரியும் வினையை எடுத்து முதல் இரண்டு வழிகளிலும், அம்மோனியாவை எடுத்து மூன்றாவது வழியிலும் போட்டுப் பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தேவையான உருவாதல் மதிப்புகள் எல்லாம் இருந்தால் அதுவே சிறந்த வழி. பிணைப்பு ஆற்றல்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் விடை தோராயமானது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்து வந்தால் சூத்திரங்களை ஓரமாக வைத்துவிட்டுப் படம் வரையுங்கள். ஏன் இப்படி என்பதில்தான் குறிகளைப் பற்றிய விஷயம் முழுவதும் இருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

நான்கு கேள்விகள் போதும். இந்த வழிக்குத் தேவையான தரவு தாளில் முழுதாக இருக்கிறதா? பொருள்களின் நிலை, அதாவது திரவமா வாயுவா என்பது, இந்த வழியில் கணக்கில் சேர்கிறதா? குறி எந்த இடத்தில் நழுவும்? நழுவினால் விடையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

வேகத்தை அளவுகோலாக வைக்கவில்லை. மூன்று வழிகளுக்கும் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தவறான குறியைத் தேடுவதில்தான் நேரம் போகும்.

## வழியைத் தேர்வதற்கு முன்: போட்டோவை வாசித்தல்

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். போட்டோவில் உள்ள எண்களைப் பார்த்து அப்படியே கணக்கில் ஏற்றாமல், தனித்தாளில் ஒரு சிறு அட்டவணையாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் + அல்லது − கட்டாயம் இருக்க வேண்டும். குறி இல்லாத எண் என்றால் இன்னும் சரிபார்க்காத எண் என்று பொருள்.

அச்சில் கழித்தல் குறி என்பது ஒரு மெல்லிய கிடைக்கோடு. செய்தி அனுப்பும் செயலிகள் படத்தைச் சுருக்கும்போது இத்தகைய மெல்லிய கோடுகள்தான் எளிதில் அழியும். அட்டவணைக் கட்டத்தின் ஓரத்தோடு ஒட்டியிருந்தால் கோட்டோடு கோடாகக் கலந்துவிடும். தாளை அனுப்பியவரிடம் மறுபடி கேட்க முடிந்தால், படமாக இல்லாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான செயலிகளில் கோப்பு சுருங்காமல் வரும். அதற்கு வழியில்லை என்றால் வேதியியலை வைத்தே பல குறிகளை மீட்டுவிடலாம்.

பிணைப்பு ஆற்றல் எப்போதும் நேர் எண்தான். பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே `C–H 413` என்ற வரியில் தெரியும் சிறுகோடு பிணைப்பைக் குறிப்பது, கழித்தல் குறி அல்ல. கையால் எழுதிய தாள்களில் இந்தக் கோடு எண்ணுக்கு அருகே தள்ளிவந்து −413 என்று வாசிக்கவைக்கும்.

எரிதல் என்தால்பி எப்போதும் எதிர் எண். சில தாள்களில் அட்டவணைத் தலைப்பிலேயே `−ΔHc` என்று போட்டு, கீழே வெறும் நேர் எண்களைக் கொடுத்திருப்பார்கள். போட்டோவில் தலைப்பு பாதி வெட்டுப்பட்டிருந்தால் இது புரியாது. எரிதல் மதிப்பு நேர் எண்ணாகத் தெரிந்தால் கழித்தலை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

உருவாதல் என்தால்பியில் இந்த உரிமை கிடையாது. நன்கு அறிந்த சேர்மங்களில் பெரும்பாலானவை எதிர்க்குறி உடையவை என்பதால் கை தானாகவே கழித்தல் போட்டுவிடும். ஆனால் எத்தீனுக்கு +52, எத்தைனுக்கு +227, நைட்ரிக் ஆக்சைடுக்கு +90. இங்கே ‘குறி அழிந்திருக்கும்’ என்று ஊகித்தால் கணக்கு கெட்டுவிடும். தனிமங்களுக்கு, அவற்றின் இயல்பான நிலையில், சுழி.

அடுத்தது நிலைக்குறிகள். `(l)` என்பது மங்கலான படத்தில் `(1)` போலவும், சில எழுத்துருக்களில் வெறும் கோடாகவும் தெரியும். தண்ணீருக்கு எண்ணே சாட்சி சொல்லிவிடும். 285.8 என்றால் திரவம், 241.8 என்றால் நீராவி. இந்த இரண்டு மதிப்புகளையும் கார்பன் டைஆக்சைடின் −393.5-ஐயும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தசமப்புள்ளி அழிந்து 2858 என்று தெரிந்தாலும் உடனே பிடித்துவிடலாம்.

## ஒப்பீட்டுக்கு எடுத்த கணக்கு

```
C2H5OH(l) + 3 O2(g) → 2 CO2(g) + 3 H2O(l)

உருவாதல் என்தால்பி, கிலோஜூல்/மோல்
C2H5OH(l)  −277.7
CO2(g)     −393.5
H2O(l)     −285.8

பிணைப்பு ஆற்றல், கிலோஜூல்/மோல்
C–H 413   C–C 347   C–O 358
O–H 463   O=O 498   C=O (CO2-இல்) 799
```

பிணைப்பு ஆற்றல்கள் புத்தகத்துக்குப் புத்தகம் சில அலகுகள் மாறும். உங்கள் தாளில் உள்ள மதிப்புகளையே பயன்படுத்துங்கள். ஒரு எண்ணைத் தாளிலிருந்தும் இன்னொன்றை வேறு புத்தகத்திலிருந்தும் எடுத்தால் விடைக்குறிப்போடு ஒத்துப்போகாது.

## முதல் வழி: உருவாதல் என்தால்பி

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வினைவிளை பொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து வினைபடு பொருள்களின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும்.

```
விளைபொருள்கள்: 2(−393.5) + 3(−285.8)
             = −787.0 − 857.4 = −1644.4
வினைபடு பொருள்கள்: (−277.7) + 3(0) = −277.7
ΔH = (−1644.4) − (−277.7) = −1366.7
```

அடைப்புக்குறிகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. `−1644.4 − −277.7` என்று எழுதினால் அடுத்தடுத்து வரும் இரண்டு கழித்தல்களில் ஒன்றைக் கண் விழுங்கிவிடும். அப்போது −1922.1 வரும். எரிதல் வினை, எதிர்க்குறி, ஆயிரத்துக்கு மேல் எண். பார்த்தால் எதுவும் தவறாகத் தெரியாது. இந்தத் தவறின் ஆபத்தே அதுதான்.

விடைக்குறிப்பு கையில் இருந்தால் இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. உங்கள் விடைக்கும் குறிப்பில் உள்ள விடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். இங்கே 555.4. இது 277.7-இன் சரியாக இரு மடங்கு. ஓர் உறுப்பின் குறி மாறினால் வித்தியாசம் எப்போதும் அந்த உறுப்பின் இரு மடங்காகத்தான் வரும், ஏனென்றால் கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறீர்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இரு மடங்கு என்பது குணகத்தோடு சேர்ந்த முழு உறுப்புக்கும் பொருந்தும். தண்ணீரின் குறி மாறினால் 857.4-இன் இரு மடங்கு, அதாவது 1714.8 வரும். வித்தியாசம் 571.6 என்று வந்தால், அது 285.8-இன் இரு மடங்காக இருந்தாலும் குறி மாறியதால் வந்த பிழை அல்ல. தண்ணீரின் முன்னால் இருந்த 3 போட்டோவில் வெட்டுப்பட்டு 1 ஆகிவிட்டது என்று பொருள். வித்தியாசம் 132 என்றால் திரவத் தண்ணீருக்குப் பதில் நீராவியின் மதிப்பை எடுத்திருக்கிறீர்கள்; ஒரு மோலுக்கு 44 வீதம் மூன்று மோலுக்கு.

இந்த வழியில் நிலைகள் தாமாகவே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. −277.7 என்பது திரவ எத்தனாலுக்கு உரிய மதிப்பு. மூலக்கூறின் வடிவம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிணைப்புகளை எண்ணவும் வேண்டாம். தரவு சரியாக இருந்தால் விடையும் சரியாக இருக்கும்.

வெளியே தெரியாத செலவு என்னவென்றால், இந்த வழிக்கு எல்லா மதிப்புகளும் வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் சூத்திரம் நின்றுவிடும். அந்த இல்லாத ஒன்றைத்தான் கேள்வியே கேட்கிறது என்றால் சிக்கல் இல்லை. எரிதல் என்தால்பி −1366.7 என்று கொடுத்து எத்தனாலின் உருவாதல் என்தால்பியைக் கேட்டால், அதை x என்று வைத்து எழுதுங்கள்:

```
−1366.7 = −1644.4 − x
x = −1644.4 + 1366.7 = −277.7
```

இங்கே x-ஐ எதிர் எண் என்று முன்கூட்டியே நினைத்து `−x` என்று வைக்கக் கூடாது. குறியையும் x-க்குள்ளேயே இருக்க விடுங்கள், கடைசியில் அது தானாக வெளியே வரும்.

## இரண்டாவது வழி: பிணைப்பு ஆற்றல்

இங்கே சூத்திரத்தின் வரிசை தலைகீழ். உடைபடும் பிணைப்புகளின் மொத்தத்திலிருந்து உருவாகும் பிணைப்புகளின் மொத்தத்தைக் கழிக்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால் வினைபடு பொருள்களிலிருந்து விளைபொருள்களைக் கழிப்பது. முந்தைய சூத்திரத்தின் வரிசையைப் பழக்கத்தில் இங்கேயும் போட்டால் விடையின் எண் சரியாக வந்து குறி மட்டும் மாறும். எத்தனால் எரிந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது என்ற விடை! நல்லவேளையாக இந்தத் தவறு எரிதல் கணக்குகளில் உடனே கண்ணில் படும். வெப்பம் உமிழுமா கொள்ளுமா என்று முன்கூட்டித் தெரியாத வினைகளில்தான் பிடிபடாமல் போகும்.

முதலில் எத்தனாலை வரைய வேண்டும்: `CH3–CH2–OH`. C–H ஐந்து, C–C ஒன்று, C–O ஒன்று, O–H ஒன்று. மொத்தம் எட்டு. எண்ணிக்கை சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. வளையம் இல்லாத மூலக்கூறில், இரட்டைப் பிணைப்பையும் ஒன்றாகவே எண்ணினால், பிணைப்புகளின் எண்ணிக்கை அணுக்களின் எண்ணிக்கையை விட ஒன்று குறைவாக இருக்கும். எத்தனாலில் ஒன்பது அணுக்கள், எட்டுப் பிணைப்புகள். பலரும் O–H-ஐ விட்டுவிட்டு ஆறு C–H என்று எண்ணுவார்கள். அப்போதும் மொத்தம் எட்டு வந்துவிடும் என்பதால், மூலக்கூறை வரையாமல் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

```
உடைபடுபவை:
5(413) + 347 + 358 + 463 + 3(498)
= 2065 + 347 + 358 + 463 + 1494 = 4727

உருவாகுபவை:
2 CO2: 4(799) = 3196
3 H2O: 6(463) = 2778
மொத்தம் = 5974

ΔH = 4727 − 5974 = −1247
```

ஆக்ஸிஜனைப் பாருங்கள். முதல் வழியில் அது சுழி, இங்கே 1494. உருவாதல் கணக்கில் தனிமங்கள்தான் அடித்தளம், பிணைப்புக் கணக்கில் தனித்தனி அணுக்கள்தான் அடித்தளம். அடித்தளம் மாறும்போது சுழி எது என்பதும் மாறும். ‘ஆக்ஸிஜனுக்குச் சுழிதானே’ என்ற நினைப்பில் அதை விட்டுவிட்டால் விடை −2741 ஆகும்.

குறியைப் பொறுத்தவரை இந்த வழிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கொடுத்த எண்கள் எல்லாமே நேர் எண்கள், கழித்தல் ஒரே ஒரு இடத்தில் மட்டும்தான் வருகிறது. போட்டோ எவ்வளவு மங்கலாக இருந்தாலும் தரவில் குறி தொலைய வழியே இல்லை. ஆனால் சிலர் உருவாகும் பிணைப்புகளை முதலிலேயே எதிர் எண்களாக, −3196, −2778 என்று எழுதிக்கொண்டு, பிறகு சூத்திரத்தில் இன்னொரு முறையும் கழிப்பார்கள். எதிர் எண்களாக எழுதினால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், நேர் எண்களாக எழுதினால் கழிக்க வேண்டும். இரண்டில் எதுவும் சரிதான், ஒரே கணக்கில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

C=O-வின் மதிப்பு இன்னொரு பொறி. பொதுவான பிணைப்பு அட்டவணைகளில் கீட்டோன்களில் உள்ள C=O-க்கு 745 அளவில் ஒரு மதிப்பும், கார்பன் டைஆக்சைடுக்கு மட்டும் 799 அளவில் தனி மதிப்பும் இருக்கும். தனி மதிப்பு பெரும்பாலும் அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் வரும், போட்டோவில் முதலில் வெட்டுப்படும் பகுதியும் அதுதான். 745-ஐ எடுத்தால் விடை −1031 ஆகிவிடும். நான்கு C=O பிணைப்புகள், ஒவ்வொன்றிலும் 54 குறைவு, மொத்தம் 216 தவறு. தாளில் ஒரே ஒரு C=O மதிப்புதான் இருக்கிறது என்றால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்; விடைக்குறிப்பும் அதை வைத்துத்தான் இருக்கும்.

### −1247-உம் −1366.7-உம் ஏன் ஒத்துப்போகவில்லை

இந்த இடத்தில் பலர் குறிப்பிழையைத் தேடி அலைவார்கள். குறி எதுவும் தவறவில்லை. பிணைப்பு ஆற்றல்கள் வாயு நிலை மூலக்கூறுகளுக்கு உரியவை. நம் வினையிலோ எத்தனாலும் தண்ணீரும் திரவங்கள். −1247 என்பது உண்மையில் வாயு எத்தனால் எரிந்து நீராவி தரும் வினைக்கான விடை. அதைத் திரவ வினையாக மாற்ற இரண்டு படிகள் வேண்டும்.

திரவ எத்தனாலை முதலில் ஆவியாக்க வேண்டும். அதற்கு ஆற்றல் கொடுக்க வேண்டும், ஆகவே சுமார் +43. மூன்று மோல் நீராவி திரவமாகும்போது ஆற்றல் வெளியாகும், ஆகவே 3 × 44, −132.

```
−1247 + 43 − 132 = −1336
```

இன்னும் சுமார் 31 மீதம் இருக்கிறது. அது சராசரியின் விலை. அட்டவணையில் உள்ள 413 என்பது எத்தனாலில் இருக்கும் C–H-இன் மதிப்பு அல்ல, பல சேர்மங்களில் உள்ள C–H பிணைப்புகளின் சராசரி. C–O, C–C ஆகியவையும் அப்படியே. இந்த 31-ஐ எந்தக் குறியை மாற்றியும் சரிக்கட்ட முடியாது. ‘இரு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன’ என்று பயிற்சித்தாள் கேட்டால் நிலை, சராசரி இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

## மூன்றாவது வழி: சுழற்சிப் படம்

மேலே பார்த்த இரண்டு சூத்திரங்களின் வரிசை ஏன் எதிரெதிராக இருக்கிறது? எரிதல் என்தால்பிகளை வைத்துப் போடும்போதும் வரிசை வினைபடு பொருள்கள் கழித்தல் விளைபொருள்கள் என்றுதான் வரும். மனப்பாடம் செய்பவர்களுக்கு இது ஒரு பெரிய தொல்லை. அம்புக்குறிகளைப் பார்த்தால் மனப்பாடமே தேவையில்லை.

உருவாதல் என்பதன் அம்பு தனிமங்களில் தொடங்கிச் சேர்மத்தில் முடியும். பிணைப்பு உடைதலின் அம்பு சேர்மத்தில் தொடங்கி அணுக்களில் முடியும். எரிதலின் அம்பும் சேர்மத்தில் தொடங்கி எரிந்த பொருள்களில் முடியும். முதலாவது சேர்மத்தை நோக்கி வருகிறது, மற்ற இரண்டும் சேர்மத்தை விட்டுப் போகின்றன. அதனால்தான் வரிசை மாறுகிறது. ஹெஸ் விதி சொல்வது இவ்வளவுதான்: எந்தப் பாதையில் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றே என்றால் மொத்த மாற்றமும் ஒன்றே. அம்பின் திசையில் நடந்தால் எண்ணை அதன் குறியோடு அப்படியே எழுதுங்கள். அம்புக்கு எதிராக நடந்தால் குறியை மாற்றுங்கள். வேறு விதி எதுவும் இல்லை.

படம் வரைவதன் மதிப்பு கலப்புக் கணக்குகளில் தெரியும். இதை எடுத்துக்கொள்வோம்: அம்மோனியாவின் உருவாதல் என்தால்பி −46, N≡N பிணைப்பு ஆற்றல் 945, H–H 436. N–H பிணைப்பு ஆற்றலைக் காண்க. உருவாதல் சூத்திரமும் தனியாகப் போதாது, பிணைப்புச் சூத்திரத்தை எப்படிப் பொருத்துவது என்பதும் தெளிவாக இல்லை.

மூன்று இடங்களைக் குறியுங்கள். கீழே `NH3(g)`. அதற்குச் சற்று மேலே தனிமங்கள், `½N2 + 1½H2`. எல்லாவற்றுக்கும் மேலே அணுக்கள், `N + 3H`. தனிமங்களிலிருந்து அம்மோனியாவுக்கு இறங்கும் அம்பில் −46 என்று எழுதுங்கள். தனிமங்களிலிருந்து அணுக்களுக்கு ஏறும் அம்பில் ½(945) + 1½(436), அதாவது 472.5 + 654 = 1126.5. அம்மோனியாவிலிருந்து அணுக்களுக்கு நேராக ஏறும் அம்பில் 3x.

அம்மோனியாவிலிருந்து அணுக்களுக்குத் தனிமங்கள் வழியாகச் சுற்றிப் போவோம். முதல் படி உருவாதல் அம்புக்கு எதிர்த்திசை, ஆகவே −46 இப்போது +46. இரண்டாவது படி அம்பின் திசை, அப்படியே +1126.5.

```
3x = (+46) + (+1126.5) = 1172.5
x = 390.8
```

46-இன் குறியை மாற்ற மறந்தால் 3x = 1080.5, x = 360.2. பிணைப்பு ஆற்றல் 360 என்பது நம்பக்கூடிய எண்தான், C–O-வே 358 இல்லையா? விடையை மட்டும் பார்த்தால் சந்தேகமே வராது. படம் இருந்தால் வரும். அம்மோனியா தனிமங்களுக்குக் கீழே இருக்கிறது. கீழே இருப்பதிலிருந்து உச்சிக்கு ஏறும் உயரம், நடுவில் இருப்பதிலிருந்து ஏறுவதைவிட அதிகமாகத்தான் இருக்க வேண்டும். 1172.5, 1126.5-ஐ விடப் பெரிது, சரி. 1080.5 சிறிது, தவறு. போட்டோவில் −46-இன் கழித்தல் குறி அழிந்து அம்மோனியாவைத் தனிமங்களுக்கு மேலே வரைந்திருந்தால் இந்தச் சோதனையும் ஏமாற்றிவிடும். முதலில் தனித்தாளில் குறியோடு எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

இதே கணக்கை இன்னொரு தாள் `N2 + 3H2 → 2NH3, ΔH = −92` என்று கொடுத்திருக்கலாம். அப்போது 945 + 3(436) + 92 = 2345, அதை 6-ஆல் வகுக்க வேண்டும். ஆறு N–H பிணைப்புகள் அல்லவா? −92-ஐ எடுத்துக்கொண்டு மற்றவற்றை அரை மோல் அளவில் வைத்தால் குறிகள் எல்லாம் சரியாக இருந்தும் விடை தவறும். படத்தின் எல்லா மூலைகளிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் இது நடக்காது.

படத்தின் குறை என்னவென்றால் இடம் பிடிக்கும், கோணல்மாணலாக வரைந்தால் அதுவே குழப்பும். எல்லா உருவாதல் மதிப்புகளும் கொடுத்துவிட்ட எளிய கணக்குக்குப் படம் வரைவது வீண் வேலை, கேள்வியே படம் கேட்டால் ஒழிய.

## ஒரே பார்வையில்

| | உருவாதல் என்தால்பி | பிணைப்பு ஆற்றல் | சுழற்சிப் படம் |
|---|---|---|---|
| தேவையான தரவு | ஒவ்வொரு சேர்மத்தின் மதிப்பும் | மூலக்கூறு வடிவமும் ஒவ்வொரு பிணைப்பின் மதிப்பும் | எதுவும் கலந்து வரலாம் |
| சுழி எது | தனிமங்கள் | தனித்தனி அணுக்கள் | நீங்கள் வரைவதைப் பொறுத்தது |
| திரவமா வாயுவா | கணக்கில் சேர்ந்திருக்கும் | வாயு மட்டும். மற்றதைத் தனியாகச் சேர்க்க வேண்டும் | கூடுதல் அம்பாகச் சேர்க்கலாம் |
| குறி நழுவும் இடம் | கழித்தலுக்குள் கழித்தல் | கழிக்கும் வரிசை | எதிர்த்திசை அம்பு |
| போட்டோ மங்கலானால் | தரவின் குறியே தொலையலாம் | தரவில் குறி தொலையாது. அடிக்குறிப்பு தொலையலாம் | இடுகிற குறியைப் பொறுத்தது |
| எத்தனாலுக்கு விடை | −1366.7 | −1247 | தரவைப் பொறுத்து இரண்டில் ஒன்று |

## உங்கள் தாளில் எது

இரண்டு அட்டவணைகளும் முழுதாக இருந்து, கேள்வி எந்த வழியையும் குறிப்பிடவில்லை என்றால் உருவாதல் என்தால்பியை எடுங்கள். பிணைப்பு வழியையும் ஓரத்தில் போட்டுப் பாருங்கள். எத்தனாலில் பார்த்ததுபோல் திரவ மாற்றத்தைச் சேர்த்த பிறகு இரண்டும் சில பத்து கிலோஜூல் வித்தியாசத்துக்குள் வந்தால் குறிகள் சரி. வித்தியாசம் நூற்றுக்கணக்கில் இருந்தால் எங்கோ ஒரு குறியோ குணகமோ தவறியிருக்கிறது. மேலே சொன்ன இரு மடங்குச் சோதனையைச் செய்யுங்கள். உருவாதல் மதிப்புகளில் ஒன்றின் குறி படத்தில் தெரியவில்லை என்றாலும் இதே உத்தி உதவும். இரு குறிகளையும் போட்டுப் பார்த்து, பிணைப்பு வழி தரும் தோராய விடைக்கு அருகில் வருவதை எடுக்கலாம். எத்தனாலில் −1366.7, −1922.1 இரண்டில் எது −1336-க்கு அருகில் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் சிறிய மதிப்புகளுக்கு இது செல்லாது. அழிந்த எண் 15 அளவில் இருந்தால் குறி மாறுவதால் வரும் 30 வித்தியாசம், சராசரியால் வரும் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும்.

வினையில் எல்லாமே வாயுக்கள், மாறுவதும் ஓரிரண்டு பிணைப்புகள் மட்டுமே என்றால் பிணைப்பு வழி இனிமையாக வேலை செய்யும். எத்தீனோடு ஹைட்ரஜன் சேர்ந்து ஈத்தேன் ஆகும் வினையில் மாறாத நான்கு C–H பிணைப்புகளை இரு பக்கமும் விட்டுவிடலாம். C=C 614, H–H 436 உடைகின்றன; C–C 347, இரண்டு C–H 826 உருவாகின்றன. 1050 − 1173 = −123. உருவாதல் மதிப்புகளை வைத்துப் போட்டால், −84.7 − (+52.3) = −137. இங்கே எத்தீனின் நேர்க்குறியைக் கவனித்தீர்களா? பழக்கத்தில் −52.3 என்று வாசித்திருந்தால் −32.4 வரும், பிணைப்பு வழியின் −123 அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பென்சீன் போன்ற சேர்மம் வந்தால் பிணைப்பு வழியை நம்ப வேண்டாம். மூன்று C=C, மூன்று C–C என்று எண்ணிப் போடும் விடை, பென்சீனின் கூடுதல் நிலைத்தன்மையைக் கணக்கில் எடுக்காது. அயனிச் சேர்மங்களுக்கும் கரைசலில் நடக்கும் வினைகளுக்கும் இந்த வழி பொருந்தவே பொருந்தாது. உருவாதல் மதிப்புகளோ படமோதான் வழி.

தாளில் பிணைப்பு ஆற்றல்களும் தண்ணீரின் ஆவியாதல் என்தால்பியும் சேர்ந்து வந்திருந்தால், கேள்வி திரவ நிலை விடையைத்தான் எதிர்பார்க்கிறது. கார்பனின் அணுவாதல் என்தால்பி +717 தரப்பட்டிருந்தால், திண்மக் கார்பனிலிருந்து தொடங்கும் உருவாதல் கணக்கு ஒன்றைப் படமாக வரையச் சொல்கிறார்கள் என்று பொருள். மீத்தேனுக்கு அதைப் போட்டால் 717 + 2(436) − 4(413) = −63 வரும். அளந்து கண்ட மதிப்பு −74.8. இந்த வித்தியாசமும் குறிப்பிழை அல்ல. மீத்தேனில் C–H-இன் சராசரி 416. 413-க்குப் பதில் அதைப் போட்டால் −75 வந்துவிடும்.